தோப்பில் திருப்பிய கேமரா மண்டியில் வந்து நிற்க வேண்டும்

சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் போன ஜூன் மாதம் ஒரு வீடியோ கேட்டார். ஒரு நிமிடம்தான், வாட்ஸ்அப்பில் வியாபாரிகளுக்கு அனுப்புவதற்கு. தோப்பில் காய் பறிப்பது, கிருஷ்ணகிரி மண்டியில் கொட்டித் தரம் பிரிப்பது, கடைசியில் வீட்டுத் திண்ணையில் பெரியம்மா பழம் நறுக்கிக் கொடுப்பது, மூன்றும் அதில் வர வேண்டும். மூன்றும் வேறு வேறு இடம், வேறு வேறு வெளிச்சம். தோப்புக்கும் மண்டிக்கும் நடுவில் குட்டியானையில் போனால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பயணத்தைக் காட்டிக்கொண்டிருக்க ஒரு நிமிட வீடியோவில் இடமில்லை. அதனால் தோப்பிலிருந்து மண்டிக்கு ஒரு விப் பேன், அதாவது கேமராவை வெடுக்கென்று திருப்பி அந்த மங்கலிலேயே அடுத்த இடத்துக்குப் போய்விடுவது. மண்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட் வைப், அதாவது ஏதோ ஒரு பொருள் திரையை மறைத்து விலகும்போது இடம் மாறியிருப்பது. இப்படித் திட்டம் போட்டுக்கொண்டேன்.

காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். இரண்டையும் பல தடவை செய்திருக்கிறேன், ஆனால் ஒரே மண்டபத்துக்குள். மணமகள் அறையிலிருந்து மேடைக்குத் திருப்புவது மாதிரி. வெளிச்சம் ஒன்றாகவும் கேமரா செட்டிங் ஒன்றாகவும் இருந்ததால் அது தானாகவே ஒட்டிக்கொண்டது, ஏன் ஒட்டுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. இந்த வீடியோவில்தான் யோசிக்க வேண்டி வந்தது.

முதல் நாள் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் சரியாகவே இல்லை. தோப்பில் திருப்பிய பகுதி தட தடவென்று படம் படமாகக் குதிக்கிறது, மண்டியில் திருப்பிய பகுதி வழுவழுவென்று ஓடுகிறது. வெட்டு எங்கே இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். திருப்பிய வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், லென்ஸும் அதே 24 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் புரிந்தது: தோப்பில் எடுத்த ஃப்ரேம் எதை நிறுத்தினாலும் அது கூர்மையான ஒரு போட்டோவாக இருந்தது. இலை தெரிகிறது, கிளையில் கட்டிய கயிறு தெரிகிறது. மண்டியில் எடுத்த ஃப்ரேமை நிறுத்தினால் வெறும் கோடு கோடாக இழுத்த நிறம்தான்.

காரணம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது. மண்டியில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50-இல் வைத்தால் படம் மினுக்காது, அதற்காக அங்கே கையால் 1/50 வைத்திருந்தேன். தோப்பில் மொட்டை வெயில், ஷட்டரை ஆட்டோவில் விட்டுவிட்டேன். f/5.6, ஐஎஸ்ஓ 100-இல் கேமரா தானாக 1/800-க்குப் போயிருக்கிறது. இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். விநாடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கிறோம். 90 டிகிரியை எட்டு ஃப்ரேமில், அதாவது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் திருப்பினால், ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்ததுக்குக் காட்சி சுமார் 11 டிகிரி நகர்கிறது. 24 மில்லிமீட்டர் லென்ஸ் பார்க்கும் அகலத்தில் அது ஏழில் ஒரு பங்கு. 1920 புள்ளி அகலமுள்ள படத்தில் ஏறக்குறைய 280 புள்ளி. ஷட்டர் 1/50 என்றால் அந்த நகர்வில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருக்கிறது, ஆக 140 புள்ளிக்கு நிறம் இழுபடும். 1/800 என்றால் இழுபடுவது ஒன்பது புள்ளிதான். காட்சி 280 புள்ளி தாவுகிறது, மங்கல் ஒன்பது புள்ளி. நடுவில் இருக்கிற இடைவெளியைத்தான் கண் தடதடப்பாகப் பார்க்கிறது. விப் பேனில் வெட்டை மறைப்பது இந்த இழுபட்ட மங்கல்தான், வேகமாகத் திருப்பினால் மட்டும் அது வந்துவிடாது.

எடிட்டிங்கில் சரிசெய்ய முடியுமா என்று ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தேன். ஒரே திசையில் மங்கலாக்கும் எஃபெக்ட் இருக்கிறது, அதைப் போட்டால் ஓரளவு இழுபடும். ஆனால் திரும்பத் தொடங்கும் இடத்தில் மங்கல் குறைவாகவும் நடுவில் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பதால் ஃப்ரேம் ஃப்ரேமாக அளவை ஏற்ற வேண்டியிருந்தது, அப்படி ஏற்றிய பிறகும் திரையின் ஓரத்தில் நிறம் ஒட்டி நின்ற மாதிரி ஒரு பட்டை வந்தது. கல்யாண ஆல்பத்துக்கு நடுவில் ஓடுகிற வீடியோ என்றால் விட்டிருப்பேன். இதில் விட மனசில்லை. காலையில் அண்ணனுக்குப் போன் போட்டு, இன்னும் பெங்களூரா மாங்காய் பறிக்காத மரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"கெழக்கு வரப்போரம் நாலு மரம் இருக்கு தம்பி, நாளைக்கு வந்துடு, அப்புறம் நிக்காது" என்றார்.

இரண்டாவது தடவை போகும்போது என்.டி. ஃபில்டர் எடுத்துப் போனேன். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். 800-இலிருந்து 50-க்கு வர வேண்டும்: 800, 400, 200, 100, 50. நாலு தடவை பாதியாக வேண்டும் என்றால் வெளிச்சத்தைப் பதினாறில் ஒன்றாகக் குறைக்கும் ஃபில்டர், அதன் மேல் 'ND16' என்று போட்டிருக்கும். போனில் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க முடியாது, அதனால் வெயிலில் ஷட்டர் 1/4000 வரைகூட ஓடிவிடும். அங்கே 'ND64' மாதிரி இன்னும் கறுப்பான ஃபில்டரும், ஷட்டரைக் கையால் பூட்டி வைக்க விடுகிற ஆப்பும் வேண்டும். ஃபில்டர் கையில் இல்லையென்றால் வெயில் சாய்ந்த பிறகு எடுங்கள், அல்லது மரநிழலுக்குள் போய் எடுங்கள். நடு மத்தியானத்தில் திறந்தவெளியில் போன் ஆட்டோவில் விப் பேன் எடுக்க வேண்டாம்.

ஷட்டர் சரியான பிறகும் அடுத்து ஒன்று உறுத்தியது. மங்கலாகிவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைப்போம், அப்படி இருக்காது. தோப்பில் கேமரா திரும்பும்போது திரையின் மேல்பாதி பச்சைப் பட்டையாகவும் கீழ்ப்பாதி செம்மண் பட்டையாகவும் இழுபடும். மண்டியில் மேலே தகரக் கூரையின் இருட்டு, கீழே சிமென்ட் தரை. இரண்டையும் ஒட்டினால் மங்கலுக்குள்ளேயே ஒரு இருட்டு 'பளிச்'சென்று வந்து அடிக்கும். இதற்கு மண்டியில்தான் வழி கிடைத்தது. அங்கே ஒரு ஓரத்தில் பெங்களூரா குவித்துப் போட்டிருந்தார்கள், பாதி பச்சை, பாதி மஞ்சள் ஏறியது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குவியல் திரையை நிறைக்கிற மாதிரி வைத்து, அங்கிருந்து கேமராவைத் திருப்பித் தரம் பிரிக்கும் அக்காக்களிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். தோப்பில் திருப்பும்போது, வெயில் பட்ட பக்கம் போகாமல் அடர்ந்த மரத்தின் நிழல் பக்கம் போய் முடித்தேன். பச்சையில் முடிகிறது, பச்சையில் தொடங்குகிறது. வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்று.

இப்படிச் சொல்லும்போது வரிசை முக்கியம் என்பது தெரியும். இரண்டாவது இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் முதல் இடத்தில் எதில் முடிப்பது என்று தீர்மானிக்க முடியாது. எனக்கு முதல் நாள் எடுத்த மண்டி ஷாட் கையில் இருந்ததால் மண்டியில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது. இல்லையென்றால் முன்னாடியே ஒரு தடவை போய்ப் போனில் நாலு படம் எடுத்து வந்துவிடுவது நல்லது.

உடம்பை எப்படி வைப்பது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடன் வந்த காலேஜ் பையன் இதில்தான் அதிகம் தடுமாறினான். இரண்டு இடத்துக்கும் வேலை வேறு. தோப்பில், தொரட்டியால் காய் இழுக்கிறவர் மேல் ஒரு இரண்டு விநாடி அசையாமல் நிற்க வேண்டும், பிறகு வலது பக்கம் திருப்ப வேண்டும், எங்கேயும் நிறுத்தக் கூடாது. நம் கை தானாகவே கடைசியில் பிரேக் போடும். அந்த பிரேக் போட்ட பகுதி வெட்டில் வந்துவிட்டால் கேமரா மெதுவாகி மறுபடி வேகமெடுத்த மாதிரி தெரியும். அதனால் 90 டிகிரி தேவை என்றால் 130, 140 டிகிரி வரை போய்விடுங்கள், மெதுவாகும் பகுதியை வெட்டித் தள்ளிவிடலாம். மண்டியில் இதற்குத் தலைகீழ். அங்கே நிறுத்துவதுதான் முக்கியம். பாதத்தை, போய் நிற்க வேண்டிய ஆளைப் பார்த்து ஊன்றிக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் இடது பக்கம் முறுக்கிக்கொள்ள வேண்டும். திருப்பும்போது முறுக்குப் பிரிந்து உடம்பு தன் இயல்பான நிலைக்கு வந்து நிற்கும். பாதத்தைத் தொடங்கும் பக்கம் வைத்தால் முடிவில் உடம்பு முறுக்கிக்கொண்டு நடுங்கும், படமும் நடுங்கும்.

"அண்ணா, கிம்பல்ல போட்டுக்கலாமா, ஆடாதுல்ல?" என்று கேட்டான். போட்டுப் பார்க்கச் சொன்னேன். கை ஆட்டத்தைத் தானாகச் சமன்செய்யும் கைப்பிடிதான் கிம்பல், அது தன் வேலையைச் செய்தது: திடீர்த் திருப்பத்தை அது ஆட்டமாக எடுத்துக்கொண்டு மெதுவாகத் தொடர்ந்தது, நின்ற பிறகும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருந்தது. கேமராவுக்குள் இருக்கிற ஸ்டெபிலைசேஷனும் அப்படித்தான், நின்ற இடத்தில் ஒரு சின்ன எகிறல் கொடுக்கும். இரண்டையும் அணைத்துவிட்டு வெறும் கையில் எடுத்தோம். ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பன்னிரண்டு தடவை எடுத்தோம், வேகம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி. நேரம் பெரிதாக ஆகாது, ஒரு தடவைக்கு ஐந்து விநாடிதான்.

எடிட்டிங்கில் செய்தது குறைவு. தோப்பு ஷாட்டில் எந்தப் பொருளும் அடையாளம் தெரியாத ஃப்ரேமைத் தேடி அங்கே வெட்டினேன், மண்டி ஷாட்டிலும் அதேபோல ஒரு ஃப்ரேமிலிருந்து எடுத்துக்கொண்டேன். மண்டியில் நான் கொஞ்சம் மெதுவாகத் திருப்பியிருந்தேன், அந்த மங்கல் பகுதியை மட்டும் 130 சதவீத வேகத்துக்கு ஏற்றினேன். வெட்டின் மேல் இரண்டு ஃப்ரேம் டிசால்வ், அதாவது ஒரு படம் கரைய இன்னொன்று தெரிய வருவது. அப்புறம் சத்தம்: மண்டி இரைச்சலைப் படத்துக்கு ஆறு ஃப்ரேம் முன்னாலேயே கொண்டுவந்தேன், காய் இழுக்கிறவர் மேலிருந்து கேமரா கிளம்பும்போதே மண்டியின் சத்தம் காதில் விழத் தொடங்கிவிடும். நிறைய பேர் இந்த இடத்தில் 'விஷ்'என்று ஒரு சத்தம் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. உண்மையான இடத்தின் சத்தம் மாறினாலே போதும், காது போய்விட்டால் கண் பின்னாலேயே போய்விடும்.

இனி மண்டியிலிருந்து வீட்டுக்கு. முதலில் ஆசைப்பட்டது, மண்டியிலிருந்து கிளம்பும் குட்டியானை கேமராவுக்கு முன்னால் கடந்து போக, அதன் பின்னாலிருந்து வீடு தெரிய வேண்டும் என்று. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வண்டியின் கேபின் கண்ணாடி வழியாக மண்டி தெரிகிறது, பின்பக்கம் கம்பி இடுக்கு வழியாகத் தெரிகிறது, மேலே கட்டிய தார்ப்பாய் படபடக்கிறது, ஒரு கயிறு தொங்கி ஆடுகிறது. அதன் விளிம்பை ஒட்டி எடிட்டிங்கில் மாஸ்க் வெட்டுவதென்றால், அதாவது ஒரு பக்கத்தை மட்டும் ஃப்ரேம் ஃப்ரேமாகக் கத்தரித்து எடுப்பதென்றால், கயிற்றையும் சேர்த்து வெட்ட வேண்டும். விட்டுவிட்டேன். ஆப்ஜெக்ட் வைப்புக்கு நேரான விளிம்பும் நடுவில் ஓட்டை இல்லாத உடம்பும் உள்ள பொருள்தான் வேண்டும், அதுவும் அசையாமல் இருந்தால் இன்னும் நல்லது, நகர்வது கேமராவாக இருக்கட்டும். மண்டியில் கூரையைத் தாங்கும் சதுரத் தூண் இருந்தது. வீட்டில் திண்ணை மரத்தூண். இரண்டும் தூண். மண்டித் தூண் திரையை மறைக்கும்போது வெட்டி, திண்ணைத் தூண் திரையை விட்டு விலகுவதில் தொடங்கினால் மாஸ்க்கே தேவையில்லை.

ஆனால் தூண் திரையை முழுசாக மறைக்க வேண்டுமே. ஒரு அடி அகலமுள்ள தூணை 24 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு அடி தூரத்தில் வைத்தால் அந்த லென்ஸ் அங்கே ஒன்றரை அடி அகலம் பார்க்கும், இரண்டு பக்கமும் மண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். லென்ஸை 50 மில்லிமீட்டருக்கு மாற்றினேன். அதே தூரத்தில் முக்கால் அடிதான் தெரியும், தூண் நிறைந்துவிட்டது. அப்போதும் எவ்வளவு நேரம் நிறைந்திருக்கும் என்று பாருங்கள்: பக்கவாட்டில் சாதாரண நடை வேகத்தில் நகர்ந்தால் ஒரு ஃப்ரேமுக்கு நாலு சென்டிமீட்டர், தூண் 30 சென்டிமீட்டர், தெரிகிற அகலம் 22. மிச்சம் எட்டு சென்டிமீட்டர், அதாவது இரண்டு ஃப்ரேம்தான் முழு மறைப்பு. இரண்டு போதும், ஒன்றே போதும், பூஜ்யமாக இருந்தால்தான் மாஸ்க் போட வேண்டும். ரீல்ஸுக்கு நெட்டுக்குத்தாக எடுப்பவர்களுக்கு இது சுலபம், திரை அகலம் குறைவு என்பதால் 24 மில்லிமீட்டரிலேயே அதே தூண் நிறைந்துவிடும்.

திண்ணைத் தூண் மெலிசு, அரை அடிகூட இல்லை. அங்கே லென்ஸைத் தூணோடு ஏறக்குறைய ஒட்டித் தொடங்கினேன், மூன்று விரல் இடைவெளி. மறைப்பிலிருந்துதானே தொடங்குகிறோம், அதனால் முதலில் நின்றுகொண்டு பிறகு நகரலாம் என்று நினைத்தேன், அது தப்பு. நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் வேகமெடுக்க ஒரு கணம் ஆகும், மண்டியில் நடந்துவந்த வேகம் தூணுக்குள் போய்த் தடைப்பட்ட மாதிரி இருந்தது. தூணுக்கு அந்தப் பக்கமிருந்தே நடந்து வந்து கடக்க வேண்டும்.

ஆட்டோ ஃபோகஸும் இங்கே கெடுத்தது. தூண் கிட்டே வந்ததும் கேமரா தூணின் மேல் ஃபோகஸைத் தாவ விட்டது. சுண்ணாம்பு உதிர்ந்த பொத்தல், யாரோ சாக்பீஸால் எழுதிய கணக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த ஃப்ரேமில் திண்ணைத் தூணின் பச்சை பெயின்ட். வெட்டு அப்பட்டமாகத் தெரிந்தது. ஃபோகஸைத் தூரத்தில், தரம் பிரிக்கும் அக்காக்கள் மேலும் திண்ணையில் பெரியம்மா மேலும் பூட்டிவிட்டேன். தூண் வெறும் இருட்டு மங்கலாகிவிட்டது, சிமென்டா மரமா என்று யாருக்கும் தெரியாது. எக்ஸ்போஷரையும் பூட்டியாக வேண்டும்: இருட்டுத் தூண் திரையை நிறைத்ததும் ஆட்டோ படத்தைத் தூக்கிவிடும், தூண் விலகும்போது வீடு வெளுத்துப் போய் வந்து பிறகு மெதுவாக இறங்கும்.

திசையைப் பற்றி ஒன்று. மண்டியில் நான் வலது பக்கம் நகர்ந்தேன், வீட்டில் முதல் தடவை எடுத்தபோது திண்ணைப் படி இடைஞ்சலாக இருந்ததால் இடது பக்கம் நகர்ந்துவிட்டேன். பரவாயில்லை, படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுவிடலாம் என்று திருப்பினேன். நகர்வு சரியாகப் பொருந்தியது. ஆனால் பெரியம்மாவின் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது, நறுக்குகிற கை இடது கையாகிவிட்டது. அண்ணன் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மா என்னடா இது நொட்டாங்கையில அறுக்குது?" மரம், வயல், ஆறு மட்டும் இருக்கிற ஷாட்டை இப்படித் திருப்பலாம். ஆள், எழுத்து, வண்டி இருந்தால் திருப்ப முடியாது. மறுநாள் படிக்கட்டில் ஒரு பலகை போட்டு, வலது பக்கமே நடந்து மறுபடி எடுத்தேன். பெரியம்மா அலுத்துக்கொள்ளாமல் இன்னும் மூன்று பழம் நறுக்கினார்.

முதலில் வெட்டிய வடிவத்தில் இந்த இரண்டையும் தவிர இன்னும் மூன்று விப் பேன் இருந்தன, தோப்புக்குள்ளேயே ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு. அண்ணன் இரண்டு தடவை பார்த்துவிட்டு, காய் எங்கே என்று கேட்டார். கேட்டது நியாயம். ஒரே இடத்துக்குள் திருப்பும்போது இடம் மாறியதாகக் கண் எதிர்பார்க்கிறது, மாறாதபோது ஏமாறுகிறது. அதனால் உண்மையாக இடம் மாறும்போதும் அதன் பலம் போய்விடுகிறது. மூன்றையும் எடுத்துவிட்டு, கிளையில் காய் தொங்குவதை நாலு விநாடி அசையாமல் வைத்தேன்.

இப்போது ஷூட்டிங் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. முதல் இடத்தில் எடுத்ததும் அதில் எழுதிவிடுகிறேன்: "தோப்பு: இடமிருந்து வலம், 24, 1/50, மார்பு உயரம், பச்சை நிழலில் முடிவு." அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கேமராவை எடுப்பதற்கு முன்னால் நோட்டைத்தான் எடுக்கிறேன். போன வாரம் ஒகேனக்கல்லில் பரிசல் ஷாட் எடுத்தபோது அந்தப் பையனே எழுதினான், கூடவே நான் கேட்காமல் "தண்ணி சத்தம் தனியா 30 விநாடி" என்று இன்னொரு வரியும் சேர்த்திருந்தான்.